‘குப்பை போடாதீர்கள்’ என்று சொல்லாத ஒரு குப்பை நாடகம்

குப்பையைப் பற்றித் தெருமுனையில் நகைச்சுவை நாடகம் போடச் சொல்லி யாராவது உங்களைக் கூப்பிட்டால், ஒப்புக்கொள்வதற்கு முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: “நாடகம் முடிந்ததும் யாராவது பேசப் போகிறார்களா?” இந்தக் கேள்வியை எனக்கு யாராவது முன்னாடியே சொல்லிக் கொடுத்திருந்தால், பேசிய தொகையில் பாதி கைக்கு வந்திருக்கும், எங்கள் குழுவில் இருந்த நல்ல நடிகர் ஒருவர் இன்னும் எங்களோடு இருந்திருப்பார். நான் தனியாக மாட்டிக்கொண்டு முழித்த விஷயங்களை இங்கே வரிசையாக எழுதி வைக்கிறேன். இனிமேல் இந்த வேலைக்குப் போகிறவர்களுக்குப் பயன்படட்டும்.

எங்களைக் கூப்பிட்டது ஒரு தொண்டு அமைப்பு. பதினைந்து நிமிட நாடகம், தெருத்தெருவாகப் போட வேண்டும், ஜனங்கள் சிரிக்க வேண்டும், செய்தியும் போய்ச் சேர வேண்டும் என்றார்கள். கதையையும் அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். ஒரு குடிகாரர் தள்ளாடிக்கொண்டே வந்து குப்பையைத் தெருவில் வீசுவார். படித்த பெண் ஒருத்தி வந்து அவருக்கு அறிவுரை சொல்வாள். அவர் திருந்துவார். கடைசியில் எல்லோரும் கையை நீட்டி உறுதிமொழி எடுக்க வேண்டும். ‘சிரிப்பு’ என்பது குடிகாரர் இரண்டு தடவை கீழே விழுவதுதான். அதை அப்படியே ஒத்திகை பார்த்தோம், அப்படியே போட்டோம்.

பறை சத்தம் கேட்டுக் கூட்டம் சேர்ந்தது. குடிகாரர் விழுந்தபோது குழந்தைகள் கைதட்டிச் சிரித்தார்கள். அப்புறம் அந்தப் பெண் வாயைத் திறந்து, “உங்களுக்குத் தெரியுமா, நாம் போடும் ஒவ்வொரு பிளாஸ்டிக் பையும்...” என்று ஆரம்பித்ததும் கூட்டம் கரையத் தொடங்கியது. தெருவில் கூட்டம் எப்படிக் கலைகிறது என்பதை நடுவில் நின்று பார்த்தால்தான் புரியும். யாரும் சட்டென்று ஓட மாட்டார்கள். முதலில் ஒரு காலில் இருந்த பாரம் இன்னொரு காலுக்கு மாறும். அடுத்து தோள் லேசாகத் திரும்பும், கை போனைத் தேடும். கடைசி வரிசை முதலில் போகும். அது போய்விட்டால் நடு வரிசைக்குப் பின்னால் சாலை திறந்து கிடக்கும், அவர்களும் நகர்வார்கள். அரங்கத்துக்குள் இருந்து எழுந்து போகக் கூச்சமாக இருக்கும். தெருவில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை, ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த வழியில் மறுபடி நடந்தால் போதும். உறுதிமொழிக்கு வந்தபோது மிச்சமிருந்தது குழந்தைகளும் அமைப்பின் ஆட்களும்தான். அடுத்தடுத்த தெருக்களிலும் இதே கதைதான். வெயிலில் வேர்த்துக்கொண்டு, காலியான சாலையைப் பார்த்துக் கைநீட்டி உறுதிமொழி சொல்வது எவ்வளவு அவமானமாக இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். நடிகர் ஒருவர் வேஷத்தைக் கலைத்துவிட்டு, “அண்ணே, எனக்கு இது ஆகாது” என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வரவே இல்லை.

அன்று இரவு குழுவில் மூத்தவரான அக்கா ஒரு விஷயம் சொன்னார். “கூட்டத்துல யாராவது அந்தக் குடிகாரனா? ஒருத்தர்கூட இல்ல. அவனைப் பார்த்து எல்லாரும் நிம்மதியா சிரிக்கிறாங்க. ராத்திரி வண்டியில வந்து பையை வீசுற ஆளு நல்ல சட்டை போட்டுக்கிட்டு முன்வரிசையில நிக்கிறாரு. அவருக்கு இந்த நாடகத்துல இடமே இல்லையே.” எனக்கு அதுதான் பொறி தட்டிய இடம். சிரிப்பு ஒரு ஆள் மேல் விழுகிறது, அறிவுரை இன்னொரு ஆளுக்குப் போகிறது. இரண்டும் சேரவே இல்லை. கூட்டத்திலிருக்கும் ஆள் தன்னையே பார்த்துச் சிரிக்க வேண்டும், ஆனால் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று கூனிக் குறுகிவிடவும் கூடாது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் ராஜாவையே கிண்டல் செய்கிறான், யாரும் கோபப்படுவதில்லை. முதலில் தன்னையே கேவலப்படுத்திக்கொண்டு அந்த உரிமையை வாங்கிவிடுகிறான். மேலே நின்று சொன்னால் அறிவுரை, கீழே நின்று சொன்னால் கேலி.

புதுக் கதை எழுதுவதற்கு முன்னால் குப்பை சேரும் அந்த மூலைக்கே போய் நின்றோம். அதிகாலையிலும் இரவிலும் சும்மா ஒரு ஓரமாக நின்று பார்த்தோம். இதை யாரும் தவிர்க்காதீர்கள், ஒத்திகையைவிட முக்கியம். பை போட வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றைத் தவறாமல் செய்தார்கள்: போடுவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் பார்த்தார்கள். யாராவது வந்தால் போன் பேசுவதுபோல் நின்றார்கள், செருப்பைச் சரிசெய்தார்கள், பையோடு ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி வந்தார்கள். குப்பையைத் தெருவில் போடக்கூடாது என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் அந்தப் பார்வை. தெரிந்த விஷயத்தையே திரும்பச் சொன்னால் எவன் நின்று கேட்பான்? அந்தத் திருட்டுப் பார்வையிலேயே முழு நாடகமும் இருந்தது.

மூலையைப் பெருக்க வந்த துப்புரவுத் தொழிலாளி ஒருவரிடம் பேசியபோது இன்னொரு விஷயம் வெளியே வந்தது. “வண்டி வர்ற நேரத்துக்குப் பாதி வீடு பூட்டிக் கிடக்கும் தம்பி. வேலைக்குப் போயிடுறாங்க. ராத்திரி வந்து பையை எங்க வெப்பாங்க?” என்றார். அதாவது அந்த மூலையில் அலட்சியமும் இருந்தது, நேரம் ஒத்துவராத சிக்கலும் இருந்தது. இதைத் தெரிந்துகொள்ளாமல் மக்களை மட்டும் நக்கலடித்தால், வண்டியைப் பிடிக்க முடியாதவர்களுக்குச் சிரிப்பு வராது, எரிச்சல்தான் வரும். கூட்டம் எதற்குச் சிரிக்கவில்லை என்று குழம்பினால் நடிப்பைக் குறை சொல்வதற்கு முன், கதையில் ஏதாவது அநியாயம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு நாங்கள் கட்டிய நாடகம் இதுதான். ஒரு வெள்ளைச்சட்டைக்காரர் கையில் கறுப்புப் பையோடு வருகிறார். கௌரவமான ஆள். இரண்டு பக்கமும் பார்க்கிறார், குனிகிறார், பை தரையைத் தொடப் போகிற நேரத்தில் பக்கத்து வீட்டு அம்மா வருகிறார். “என்ன சார் கையில?” சார் நிமிர்கிறார். “இதுவா? மச்சானுக்குப் பிறந்தநாள். பரிசு.” அந்த அம்மா வாழ்த்திவிட்டுப் போகிறார். மறுபடி குனிகிறார். இப்போது ஓய்வுபெற்ற வாத்தியார் வருகிறார். விஷயம் அதற்குள் அவர் காதுக்குப் போயிருக்கிறது. “மச்சானுக்குப் பிறந்தநாளாமே!” என்று பாட்டே பாட ஆரம்பித்துவிடுகிறார், கூட்டத்தையும் கைதட்ட வைக்கிறார். மூன்றாவது தடவை குனியும்போது மச்சானே நேரில் வந்து நிற்கிறார். “மாமா, என் வாழ்க்கையில யாருமே எனக்குப் பரிசு கொடுத்ததில்ல” என்று கண்கலங்கிப் பையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார். அப்புறம் மெதுவாக மூக்கு வேலை செய்ய ஆரம்பிக்கிறது.

இந்தக் கதையமைப்பில் ஒரே பொய்தான் ஆளுக்கு ஆள் வளர்ந்துகொண்டே போகிறது என்பதைக் கவனியுங்கள். ஒத்திகையில் முதலில் ஒவ்வொருவரிடமும் ஒரு புதுப் பொய் சொல்ல வைத்தோம். பரிசு, மருந்து, கோயில் பிரசாதம் என்று. எல்லாம் தனித்தனித் துணுக்காக நின்றன, மூன்றாவதற்குச் சிரிப்பு குறைந்தது. ஒரே பொய்யை வளர்த்தபோது முதல் சிரிப்பைவிட இரண்டாவது பெரிதாக வந்தது, மச்சான் நுழைந்தபோது அவர் வாயைத் திறக்கும் முன்பே சிரிப்பு வெடித்தது. நடுவில் வந்து சேர்ந்தவருக்கும் கதை புரிந்தது, ஏனென்றால் பை கையிலேயே இருக்கிறது. தெருவில் பாதிப்பேர் நடுவில்தான் வருவார்கள், அதனால் கதையின் சிக்கல் எந்த நொடியிலும் கண்ணுக்குத் தெரிகிற ஒரு பொருளில் இருக்க வேண்டும். காதால் மட்டும் புரிகிற கதை வேண்டாம், ஒரு லாரி ஹாரன் அடித்தால் போய்விடும்.

இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. முழு நாடகத்தையும் ஒரு தடவை வாயே திறக்காமல் நடித்துப் பாருங்கள். குழுவில் இல்லாத ஒருவரைக் கூப்பிட்டு, என்ன நடந்தது என்று கேளுங்கள். அவர் சொல்கிற கதையில் குப்பை வந்தால் சரி. வராவிட்டால் செய்தி வசனத்தில் மட்டும்தான் இருக்கிறது என்று அர்த்தம். கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில், 1995இல் மேயரான அன்டனாஸ் மோக்கஸ் போக்குவரத்தைச் சீர்படுத்த முகத்தில் வெள்ளை பூசிய மைம் கலைஞர்களைச் சாலையில் இறக்கினார். அவர்களுக்கு அபராதம் போடும் அதிகாரம் கிடையாது, வாய்திறந்து பேசவும் கூடாது. சிக்னலை மதிக்காமல் குறுக்கே போகிறவர் பின்னாலேயே அவரைப் போல நடந்து காட்டுவார்கள், கோட்டைத் தாண்டி நிற்கும் காரைப் பார்த்துக் கையை விரிப்பார்கள், சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். முதலில் 20 பேரை வைத்துத்தான் தொடங்கினார்கள், பிறகு நூற்றுக்கணக்கில் கூடியது. பேச முடியாததால் அவர்களால் அறிவுரை சொல்லவே முடியவில்லை என்பதுதான் எனக்கு அதில் பிடித்த விஷயம்.

சரி, நாடகத்துக்கு வருகிறேன். மச்சானுக்கு நாற்றம் தெரிந்துவிட்டது, ஆனால் மரியாதைக்காகச் சொல்ல முடியவில்லை. “இவ்வளவு விலை உயர்ந்தது எனக்கு எதுக்கு, வாத்தியாரே, நீங்க வெச்சுக்கங்க” என்று தள்ளிவிடுகிறார். வாத்தியார் அந்த அம்மாவிடம். அந்த அம்மா கூட்டத்தை நோக்கி வந்து ஒருவரிடம் பையை நீட்டி, “ஒரு நிமிஷம் பிடிங்க சார், இதோ வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். போனவர் வரவே மாட்டார். மற்ற நடிகர்களும் ஒவ்வொருவராக நழுவுகிறார்கள். வட்டத்தில் நடிகர்களே இல்லை. பையைப் பிடித்துக்கொண்டிருப்பவர் பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டுகிறார், அவர் பின்வாங்குகிறார். அவரைச் சுற்றி ஒரு வெற்றிடம் உருவாகிறது. கடைசியில் அவர் பையைக் கீழே வைக்கக் குனிகிறார், பாருங்கள், எங்கள் நடிகர் முதலில் பார்த்த அதே பார்வையை அவரும் பார்க்கிறார்! முதல்முறை நாங்கள் இதைப் போட்டபோது கூட்டத்திலிருந்து பல குரல்கள், “கீழ போடாதே!” என்று கத்தின. அந்த வசனம் எங்கள் ஸ்கிரிப்டில் கிடையாது. கூட்டமே பேசிக்கொண்டது.

யார் கையில் பையைக் கொடுப்பது என்பதில் ரொம்பக் கவனம் வேண்டும். ஏற்கெனவே சத்தமாகச் சிரித்துக்கொண்டிருப்பவர், நண்பர்களோடு வந்தவர், நடிகர் நெருங்கும்போது கண்ணை விலக்காதவர், இந்த மூன்றும் பொருந்தினால் மட்டும். கையைக் கட்டிக்கொண்டு நிற்பவர், தனியாக நிற்கும் பெண், வயதானவர், பார்த்தாலே கூலிவேலைக்குப் போகிறார் என்று தெரிகிறவர் வேண்டாம். நடிகர் முதல் காட்சியிலிருந்தே ஆளைத் தேடி வைத்துவிட வேண்டும், கடைசி நொடியில் தேடினால் தவறான கையில் போகும். வாங்க மறுத்தால் வற்புறுத்தாமல், “சார் விவரமான ஆளு” என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுங்கள். மறுத்ததற்கும் ஒரு சிரிப்பு கிடைக்கும்.

பைக்குள் உண்மையான குப்பை கூடாது. நிஜமாக நாறினால்தான் நன்றாக இருக்கும் என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் வாதாடினார். நம்பி கையில் வாங்குகிற ஒருவருக்கு அதைச் செய்வது அவமதிப்பு. நாற்றம் நடிகர்களின் மூக்கில் இருந்தால் போதும். கசக்கிய செய்தித்தாள், சத்தத்துக்காக இரண்டு கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக் பாட்டில், அடியில் தனியாகக் கட்டிய அரைக் கிலோ மணல் வைத்தோம். மணல் இல்லாவிட்டால் பை பலூன்போல ஆடும், யாரும் நம்ப மாட்டார்கள். இரட்டைப் பை போட்டு இறுக்கி முடிச்சுப் போடுங்கள். ஒருமுறை பை கிழிந்து காகிதம் சாலையெல்லாம் பறந்தது. குப்பை நாடகம் போட்டவர்களே தெருவைக் குப்பையாக்கிவிட்டுப் போனார்கள் என்று பேசுவதற்கு வேறென்ன வேண்டும்? அதிலிருந்து ஒருவருக்கு நாடகத்தில் வேஷமே தராமல், பொருள்களை எண்ணி எடுத்து வைப்பதை மட்டும் வேலையாகக் கொடுத்தோம்.

கூட்டம் கத்திக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில்தான் துப்புரவுத் தொழிலாளி வேஷம் வண்டியோடு நுழைகிறது. இந்தப் பாத்திரத்தைக் கேலிப்பொருளாக்குவது தெரிந்தே செய்கிற அநியாயம். தியாகியாக்கிக் கும்பிட வைப்பதும் நாடகத்துக்கு உதவாது, சிரிப்பு அங்கேயே நின்றுவிடும். நாடகத்திலேயே கூர்மையான வாய் அவருக்குத்தான் கொடுத்தோம். பையோடு நிற்பவரைப் பார்த்து, “மச்சானுக்குப் பரிசா சார்? காலையில வண்டி வந்துச்சே, எங்க போயிருந்தீங்க?” என்று கேட்பார். மூலையில் எங்களிடம் பேசிய அந்த அம்மாவை ஒத்திகைக்குக் கூப்பிட்டோம். சிரித்துக்கொண்டே பார்த்தவர் ஒன்றே ஒன்று சொன்னார்: “விளக்குமாத்த இப்படிப் பிடிச்சா பத்து நிமிஷத்துல முதுகு போயிடும்.” சரியாகப் பிடிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தக் கேள்விக்குப் பதில் கூட்டத்திலிருந்து வரும். வர விடுங்கள், நடிகர் பதிலைத் தரக்கூடாது. எங்களுக்கு வந்தது, நாங்கள் மூலையில் கேட்டதேதான்: “வண்டி வர்ற நேரத்துக்கு நாங்க வீட்ல இருக்கறதில்லம்மா!” உடனே இன்னொருவர், “சாயங்காலம் வரச் சொல்லலாமே” என்றார். மூன்றாவது ஒருவர் அவரிடம், “நீ வீட்ல இருந்தாலும் மூலையிலதானே போடுற” என்றார். பெரிய சிரிப்பு. நாடகம் அங்கே முடிந்துவிட்டது. தெருக்காரர்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்த பிறகு நடிகர்கள் சேர்க்க வேண்டியது ஒன்றும் இல்லை. வண்டி நேரம் அச்சடித்த சின்னத் தாளை, வேஷத்தோடு இருக்கும் தொழிலாளி பாத்திரம் கேட்கிறவர்களுக்கு மட்டும் கொடுக்கும். எல்லோருக்கும் நீட்டாதீர்கள். வேண்டாதவர் வாங்கிய தாள் பத்தடி தள்ளித் தரையில் கிடக்கும்.

இந்த நாடகத்தைப் பார்க்க அமைப்பிலிருந்து ஒரு பொறுப்பாளர் வந்தார். கூட்டம் கலையாமல் நின்றது. பையோடு ஒரு இளைஞர் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தார், மாலை வண்டியைப் பற்றிப் பேச்சு சூடு பிடித்தது. பொறுப்பாளர் மைக்கை வாங்கிக்கொண்டு வட்டத்துக்குள் வந்தார். “இந்த நாடகத்தின் மூலம் நாம் என்ன கற்றுக்கொண்டோம் என்றால்...” கால்கள் மாறின, தோள்கள் திரும்பின. அந்த இளைஞர் இரண்டு பக்கமும் பார்த்தார், பையை மெதுவாகச் சாலையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பொறுப்பாளர் அதைக் கவனிக்கவே இல்லை.

சில நாள் கழித்து, “செய்தி தெளிவாக இல்லை, உறுதிமொழி இல்லை” என்று சொல்லி மிச்சத் தொகையை நிறுத்திவிட்டார்கள். எல்லாம் வாய்ப்பேச்சு, கையில் தாள் எதுவும் இல்லை. நடிகர்களுக்கும் பறைக்காரருக்கும் கொடுக்க வேண்டியதை என் சேமிப்பிலிருந்து கொடுத்தேன். கோபத்தைவிட, யாரிடம் போய் இதைச் சொல்வது என்று தெரியாததுதான் அதிகம் வலித்தது. பணம் தருகிறவர்கள் பக்கம் ஒரு நியாயமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர்களும் மேலே ஒருவருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். உறுதிமொழிக்கு நீட்டிய கைகளைப் புகைப்படம் எடுக்கலாம். பையைப் பார்த்துப் பின்வாங்கிய கால்களை எந்த அறிக்கையில் போடுவார்கள்? அதனால் இப்போதெல்லாம் அந்தப் புகைப்படத்தை நாங்களே யோசித்துக் கொடுக்கிறோம். கூட்டம் “கீழ போடாதே” என்று கத்துகிற நொடியைக் காணொளியாக எடுத்து, இதுதான் உங்கள் செய்தி, மக்கள் வாயிலிருந்தே வந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

நாடகத்தால் என்ன நடந்தது என்று கேட்டால், எங்களுக்குத் தெரிந்த அளவு இவ்வளவுதான். அடுத்த வாரம் அந்தத் தெரு வழியாகப் போனபோது, பிள்ளைகள் ஒரு செங்கல்லை வைத்துக்கொண்டு “ஒரு நிமிஷம் பிடிங்க சார்” விளையாடிக்கொண்டிருந்தார்கள். மூலையில் பைகள் குறைந்திருந்தன, ஆனால் இருந்தன. வண்டி நேரம் மாறாதவரை அவை இருக்கும், அதை எந்தக் கட்டியங்காரனாலும் மாற்ற முடியாது. அந்தத் தெருவில் நாலைந்து பேர் சேர்ந்து மாலை வண்டி கேட்டு மனு எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

இப்போது வேலை ஒப்புக்கொள்ளும்போது ஒரே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். கதை எங்களுடையது, ஒத்திகையை ஒருமுறை வந்து பார்க்கலாம், திருத்தம் இருந்தால் அன்றே சொல்ல வேண்டும். தொகையில் பெரும்பகுதி முதல் காட்சிக்கு முன்பே வந்துவிட வேண்டும், மிச்சம் காட்சி நடந்ததற்கு, ‘செய்தி’ போய்ச் சேர்ந்ததற்கு அல்ல. பேனர் வட்டத்துக்கு வெளியே கட்டப்படும். பேச வேண்டும் என்கிறவர்கள் நாடகத்துக்கு முன்னால், கூட்டம் சேரும் நேரத்தில், இரண்டு நிமிடம் பேசலாம். மைக் நாங்கள் கொண்டு வருவதில்லை, அவர்களும் கொண்டு வரக்கூடாது. கடைசி வரிக்குத்தான் அதிகம் பேரம் நடக்கிறது, அதை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை.